விண்டோஸ் 10 லேப்டாப்பை ஓரங்கட்டணுமா? பிரவுசர் மெஷினாக மாற்றும் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்... 'இன்ஸ்டால்' கொடுக்கும் முன் செக் பண்ண வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனிநபர் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அவகாசம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. அதன்பிறகு? விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். அதாவது 2017-க்கு முன்பு வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில் நிற்கவே முடியாது.

இப்படி ஓரங்கட்டப்பட்ட லேப்டாப்களுக்கு அதிகம் சொல்லப்படும் மாற்று, கூகுளின் 'குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்'. இலவசம், அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம், பழைய மெஷின் புதுசு மாதிரி ஓடும் என்று யூடியூபில் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பல வீடியோக்கள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன. இதை இன்ஸ்டால் செய்தால் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸும் அத்தனை ஃபைல்களும் மொத்தமாக அழிந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் 'டூயல் பூட்' வசதி இதில் கிடையாது.

எனவே எப்படி இன்ஸ்டால் செய்வது என்பதைவிட, உங்கள் வேலைக்கு இது ஒத்துவருமா என்பதுதான் முதல் கேள்வி.

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்றால் என்ன?

குரோம்புக் லேப்டாப்களில் இருக்கும் அதே குரோம் ஓஎஸ்-ஐ, சாதாரண விண்டோஸ் லேப்டாப்பிலும் மேக்கிலும் போடுவதற்கான வடிவம் இது. இதன் வேர், அமெரிக்காவின் நெவர்வேர் நிறுவனம் உருவாக்கிய 'கிளவுட்ரெடி' என்ற மென்பொருள். 2020 டிசம்பரில் நெவர்வேரை கூகுள் வாங்கியது. 2022 பிப்ரவரியில் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் சோதனை வடிவமும், அதே ஆண்டு ஜூலையில் முழு வடிவமும் வெளியாகின.

திறந்தால் குரோம் பிரவுசர், ஒரு ஃபைல் மேனேஜர், கீழே ஒரு பட்டை. அவ்வளவுதான். ஜிமெயில், கூகுள் டாக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஆன்லைன் வகுப்பு எல்லாமே பிரவுசருக்குள் நடக்கும். அப்டேட்டுகள் பின்னணியில் தானாக இறங்கி, அடுத்த ரீஸ்டார்ட்டில் மாறிக்கொள்ளும்.

பழைய லேப்டாப்பில் இது ஏன் வேகமாகத் தெரிகிறது? விண்டோஸ் 10 ஸ்லோவாக இருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பல நேரங்களில் பிராசஸர் சும்மா இருக்கும். 'டிஸ்க்' என்ற கட்டம் மட்டும் 100% காட்டும். அப்டேட், வைரஸ் ஸ்கேன், ஃபைல் இன்டெக்ஸிங் என எல்லாம் ஒரே நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் போட்டுப் படுத்துவதுதான் காரணம். ஃபிளெக்ஸில் இந்தப் பின்னணி வேலைகள் மிகக் குறைவு. மற்றபடி பிராசஸர் புதிதாகிவிடுவதில்லை. பேட்டரி நிற்கும் நேரமும் மாயமாகக் கூடிவிடாது.

உங்கள் லேப்டாப் தாங்குமா?

கூகுள் சொல்லும் குறைந்தபட்சத் தேவை: இன்டெல் அல்லது ஏஎம்டியின் 64-பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ், பென் டிரைவில் இருந்து பூட் ஆகும் வசதி. 2010-க்கு முன்பு வந்த பிராசஸர் என்றால் அனுபவம் நன்றாக இருக்காது என்றும் கூகுளே எச்சரிக்கிறது.

விண்டோஸில் Settings > System > About பக்கத்துக்குப் போனால் Installed RAM, System type என்ற இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் x64-based processor என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே வரியின் தொடக்கத்தில் 32-bit operating system என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது இப்போது போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றிய தகவல். பிராசஸர் x64 என்றால் போதும்.

தமிழ்நாட்டில் பலர் வீட்டுப் பரணில் இருப்பது, 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. அந்த ஆரம்பகால மாடல்களில் ரேம் 2 ஜிபிதான். அப்படியே போட்டால் நான்கு டேப் திறப்பதற்குள் திணறும். கூடுதல் ரேம் போட இடம் இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம்.

உங்கள் மாடல் எண்ணை கூகுளின் 'சான்றளிக்கப்பட்ட மாடல்கள்' பட்டியலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே எந்த ஆண்டு வரை ஆதரவு என்று போட்டிருப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓடாது என்று அர்த்தமில்லை. ஓடும் என்பதற்கு கூகுள் உத்தரவாதம் தரவில்லை என்றுதான் அர்த்தம். பெயர் இருந்தும் ஆதரவு ஆண்டு நெருங்கிவிட்டது என்றால், இந்தச் சிரமம் எல்லாம் எதற்கு என்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்

2015-ல் வாங்கிய லேப்டாப். ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மகள் கல்லூரி முதலாண்டு. அம்மா ரயில் டிக்கெட், கரண்ட் பில், யூடியூப் பார்ப்பார். அப்பா சொந்தமாகச் சின்ன கான்ட்ராக்ட் தொழில் செய்கிறார். லேப்டாப் ஆன் ஆகி, குரோம் திறக்கவே அம்மா டீ போட்டு வந்துவிடலாம்.

மகளின் வேலை முழுக்க பிரவுசரில் முடிந்துவிடும். கூகுள் மீட், அசைன்மென்ட், பிடிஎஃப், பிரசென்டேஷன் எல்லாம் சரி. நெட் இல்லாதபோதும் டாக்ஸில் எழுத முடியும். ஆனால் நெட் இருக்கும்போதே டிரைவ் செட்டிங்ஸில் ஆஃப்லைன் வசதியை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் ஆட்டோகேட் மாதிரி விண்டோஸ் மென்பொருள் கேட்டால் கதை வேறு. விண்டோஸ் புரோகிராம்கள் எதுவும் இதில் ஓடாது. பிளே ஸ்டோரும் கிடையாது. 'குரோம்புக்கில் ஆண்ட்ராய்டு ஆப் ஓடுதே' என்று கேட்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த வசதி குரோம்புக்கில் உண்டு, ஃபிளெக்ஸில் இல்லை.

அம்மாவுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

அப்பாவின் வேலையில்தான் முடிச்சு. அவர் தனிநபர் உரிமையாளர் என்பதால், ஜிஎஸ்டி ரிட்டர்னை மொபைலுக்கு வரும் ஓடிபி மூலம் பிரவுசரிலேயே தாக்கல் செய்துவிடலாம். வருமான வரிக் கணக்கையும் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்கலாம். ஆனால் அவர் அரசு டெண்டர்களுக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், 'டிஎஸ்சி டோக்கன்' எனப்படும் டிஜிட்டல் கையெழுத்து பென் டிரைவ் வேண்டும். அதற்கான டிரைவரும், கையெழுத்திடும் மென்பொருளும் விண்டோஸை நம்பி இருப்பவை. ஃபிளெக்ஸில் அந்த டோக்கனைச் சொருகினாலும் பயன் இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துபவர்களுக்கும் இதே நிலைதான். டேலி கணக்கு பார்ப்பவர்கள், ஆதார் கைரேகைக் கருவி வைத்து சேவை மையம் நடத்துபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அடுத்தது பிரின்டர். வைஃபை உள்ள புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரின்டர்கள், கம்பெனி தரும் தனி டிரைவர் இருந்தால்தான் வேலை செய்யும். ஃபிளெக்ஸில் அப்படி டிரைவர் போட வழியில்லை.

தமிழ் ஃபைல்கள் என்ன ஆகும்?

இது பலர் கடைசியில் கவனிக்கும் விஷயம். தமிழ் டைப் செய்வதில் பிரச்னை இல்லை. Settings பக்கத்தில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் என எது பழக்கமோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம். Ctrl+Space அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் மட்டும் இங்கே கிடைக்காது.

சிக்கல் பழைய ஃபைல்களில். பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்த வேர்டு ஃபைல்கள் உண்மையில் தமிழ் எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டவை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவம் போர்த்தியவை. பாமினி ஃபான்ட் இல்லாத இடத்தில் 'தமிழ்' என்ற சொல் jkpo; என்று தெரியும். ஃபிளெக்ஸில் நாமாக ஃபான்ட் இன்ஸ்டால் செய்ய முடியாது. எனவே பத்திர நகல், சங்கத் தீர்மானம், பத்து வருடம் முன்பு அடித்த ஆய்வேடு என்று எது இருந்தாலும், விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே இரண்டு வேலை செய்துவிடுங்கள். படிக்க மட்டும் வேண்டியவற்றை பிடிஎஃப்-ஆகச் சேமிக்கலாம்; ஃபான்ட் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். திருத்த வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டும். பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையதளங்கள் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒரு பக்கமாவது வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும்.

அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

ஃபிளெக்ஸின் நல்ல அம்சம், லேப்டாப்பில் எதையும் தொடாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி அல்லது அதற்கு மேல் கொள்ளளவுள்ள பென் டிரைவ் வேண்டும். அதில் உள்ளது அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குரோம் பிரவுசரில் Chromebook Recovery Utility என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்க்க வேண்டும். அதைத் திறந்து Get started கொடுத்து, Select a model from a list என்பதைத் தேர்வு செய்தால் நிறுவனங்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் லேப்டாப் நிறுவனத்தைத் தேட வேண்டாம். Google ChromeOS Flex என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு பென் டிரைவைக் காட்டினால் அதுவே டவுன்லோடு செய்து எழுதிவிடும். ஒரு ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் அன்றைய டேட்டா மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முடிந்ததும் விண்டோஸ் இந்த பென் டிரைவை அடையாளம் தெரியாமல் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். ஓகே கொடுத்தால் செய்த வேலை வீண்.

அடுத்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யும்போது பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் F12. எச்பி என்றால் F9. ஏசஸ் என்றால் Esc. ஏசர் சில மாடல்களில் F12 முதலில் வேலை செய்யாது. பயாஸ் செட்டிங்கில் அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். 'ஷட் டவுன்' செய்து ஆன் செய்தால் நேராக விண்டோஸுக்கே போகிறதா? விண்டோஸ் 10-ன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முழுமையாக அணையாமல் விடுவதே காரணமாக இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

பென் டிரைவில் இருந்து பூட் ஆனதும் வரவேற்புத் திரை வரும். Get started கொடுத்தால், இன்ஸ்டால் செய்யவா, முதலில் ஓட்டிப் பார்க்கவா என்று இரண்டு வாய்ப்புகள் கேட்கும். இரண்டாவதைத் தேர்வு செய்து கூகுள் கணக்கில் நுழையுங்கள்.

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு முழு நாள் அந்த வீட்டின் வழக்கமான வேலைகள் எல்லாம் இதில் நடக்கட்டும். மகள் ஒரு மீட் வகுப்பில் உட்கார்ந்து கேமராவும் மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். அப்பா வங்கி, ஜிஎஸ்டி தளங்களுக்குள் போய் வரலாம். மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, இயர்போனில் சத்தம் வருகிறதா என்பதையும் பாருங்கள். கைரேகை சென்சாரும் சிடி டிரைவும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்கு ஃபிளெக்ஸில் ஆதரவு இல்லை.

வேகத்தை மட்டும் இந்தச் சோதனையில் மதிப்பிடாதீர்கள். பென் டிரைவில் இருந்து ஓடுவதால் இன்ஸ்டால் செய்த பிறகு இருப்பதைவிட மந்தமாகத்தான் இருக்கும்.

வைஃபை பட்டியலே வரவில்லை என்றால், அந்த லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு ஆதரவு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் மற்றவற்றைச் சோதிக்க முடியும். தினமும் அப்படியே ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. தனியாக யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினாலும் அதற்கும் ஆதரவு இருக்குமா என்ற அதே கேள்வி வரும். திரை கறுப்பாக நிற்பது, டச்பேட் நகராமல் இருப்பது போன்றவை தெரிந்தால் இந்த லேப்டாப்புக்கு இது சரிப்படாது என்று விண்டோஸுக்கே திரும்பிவிடலாம். பென் டிரைவைக் கழற்றி ஆன் செய்தால் எல்லாம் பழையபடி இருக்கும்.

இன்ஸ்டால் செய்யும் நாளில்...

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். D டிரைவ், E டிரைவ் என்று பிரித்து வைத்திருந்தால் அவையும் அழியும். 'C மட்டும்தான் போகும்' என்று நினைத்து கல்யாண ஃபோட்டோக்களை D டிரைவில் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் விபத்து. கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். அதில் ஜிமெயிலும் ஃபோட்டோஸும் சேர்த்தி.

பிறகு அதே பென் டிரைவில் பூட் செய்து, வெளியேறும் திரையில் உள்ள இன்ஸ்டால் பட்டனைக் கொடுக்கலாம். அதிகபட்சம் 20 நிமிடம் ஆகும். சார்ஜரைச் சொருகியே வைத்திருங்கள். முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்ய வேண்டும். 'பூட் டிவைஸ் இல்லை' என்று திரையில் வந்தால், பயாஸில் பூட் மோடு UEFI என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்து சர்வீஸ் செய்யப் போகிறீர்கள் என்றால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு அதில் இன்ஸ்டால் செய்வது இன்னும் நல்ல வழி. 120 ஜிபியே இதற்கு தாராளம். வேகமும் கூடும், விண்டோஸ் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கும் அழியாமல் கையில் இருக்கும். டெண்டர் நாள் வந்தால் அதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அப்பாவின் பிரச்னைக்கு இதைவிடச் சுலபமான தீர்வு பக்கத்து பிரவுசிங் சென்டர் என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பு எப்படி?

அப்டேட் நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பதைவிட, அப்டேட் வந்துகொண்டிருக்கும் ஃபிளெக்ஸில் திறப்பது மேல். ஆனால் குரோம்புக்குக்குச் சமம் என்று சொல்ல முடியாது. குரோம்புக்கில் கூகுளின் தனி பாதுகாப்பு சிப் இருக்கும். ஆன் ஆகும்போதே ஓஎஸ் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். பழைய லேப்டாப்பில் அந்த சிப் இல்லை.

எல்லாம் ஒரே கூகுள் கணக்கில் தொங்குவது இன்னொரு விஷயம். அந்த பாஸ்வேர்டை போனில் மாற்றினால், லேப்டாப் அடுத்த முறை பழைய பாஸ்வேர்டையும் கேட்கும். அது நினைவில்லை என்றால் லேப்டாப்பில் சேமித்த ஃபைல்களைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். டிரைவில் இருப்பவை மட்டும் தப்பிக்கும். வீட்டில் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் தனித்தனி கணக்கில் நுழைவதும், வந்து போகிறவர்களுக்கு 'கெஸ்ட்' மோடு தருவதும் சரியாக இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் விண்டோஸுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 10 லைசென்ஸ் பொதுவாக அந்த மதர்போர்டோடு பிணைந்திருக்கும். வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் Media Creation Tool மூலம் பென் டிரைவ் தயாரித்து மறுபடி இன்ஸ்டால் செய்தால், நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஃபைல்கள் மட்டும் திரும்பி வராது.

பழைய ஃபான்ட்களும், நெட் இல்லாமல் வேலை செய்யும் ஆபீஸ் மென்பொருளும் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஃபிளெக்ஸைவிட லினக்ஸ் மின்ட் பக்கம் போகலாம். அதில் லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, பாமினி ஃபான்ட்டைப் போட்டுக்கொள்ளலாம், விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்ஸ்டால் செய்யவும் முடியும். கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும்; ஏதாவது சிக்கல் வந்தால் சரிசெய்ய வீட்டில் ஒருவருக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

சோதனை முடிந்து, ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பென் டிரைவைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் அதன் கொள்ளளவைக் குறைவாகக் காட்டினால், அதே Chromebook Recovery Utility-யில் மேலே உள்ள கியர் குறியைத் தொட்டு Erase recovery media கொடுங்கள். அதன்பிறகு வழக்கம்போல ஃபார்மட் செய்தால் முழு இடமும் திரும்பக் கிடைத்துவிடும்.